எந்த நேரத்தில் டிரேட் எடுப்பது? ரேஞ்சை அளந்து முடிவு செய்யுங்கள்

விலை ஒரு எல்லையை உடைத்து வெளியேறும்போது டிரேட் எடுக்கும் பிரேக்அவுட் சிஸ்டத்துக்கு நேரம் ஒதுக்கும்போது, எந்த மணியில் லாபம் அதிகம் என்று பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்ட்டில் தேடாதீர்கள். தற்செயலாக நன்றாக வந்த மணிதான் முதலில் கண்ணில் படும். விலை எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள்.

கடைசி 60 டிரேடிங் நாட்களை எடுத்து, நாளை அரைமணித் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் உச்ச விலையில் இருந்து தாழ்ந்த விலையைக் கழித்தால் வருவதே ரேஞ்ச்; 60 நாட்களின் ரேஞ்சையும் வரிசைப்படுத்தி, நடுவில் வரும் இடைநிலை அளவை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு செய்தி நாள் அதை ஏற்றிவிடும். பங்குச் சந்தையில் பெரும்பாலும் தொடக்கமும் முடிவும் உயர்ந்து, நடுப்பகல் தாழ்ந்து நிற்கும்.

உதாரணமாக, தொடக்கத்தில் 40 புள்ளி, நடுப்பகலில் 12, கடைசியில் 30 என்று வருகிறது. கமிஷன், நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசமான ஸ்லிப்பேஜ் இரண்டும் சேர்த்து ஒரு டிரேடுக்கு 4 புள்ளி செலவு என்றால், நடுப்பகலில் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு செலவுக்கே போய்விடும். அந்த நேரத்தை விட்டுவிடலாம். ஆனால் முதல் சில நிமிடங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்பிரெட் விரிந்திருக்கும், அங்கே 4 புள்ளி போதாது. அதைத் தனியாக அளந்து பாருங்கள்.

அப்புறம், தேர்ந்த நேரத்தை 15 நிமிடம் முன்னும் பின்னும் நகர்த்தி பேக்டெஸ்ட் ஓட்டுங்கள். லாபம் சட்டென்று மறைந்தால் அந்தத் தேர்வை நம்ப வேண்டாம்.