சிப்பாயை முதலில் தள்ளாதீர்கள்: ராஜா-சிப்பாய் முடிவாட்டத்தில் நான் திருத்திக்கொண்டது

என் வெற்றிகள் பல டிராவில் முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: சிப்பாயை அவசரப்பட்டு நகர்த்தியது.

வெள்ளை ராஜா e4, சிப்பாய் e3, கறுப்பு ராஜா e6 என்று வையுங்கள். ராஜாக்களுக்கு நடுவே ஒரே கட்டம் இருக்கிறது. இதுதான் ஆப்போசிஷன்; நகர வேண்டியவருக்கே நஷ்டம். கறுப்பு நகர வேண்டுமென்றால் d6 போகும், வெள்ளை ராஜா f5 ஏறிவிடும். e3 சிப்பாய்க்கு d5, e5, f5 மூன்றும் முக்கியக் கட்டங்கள். அவற்றில் ஒன்றை ராஜா பிடித்துவிட்டால், சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது.

வெள்ளை நகர வேண்டியிருந்தால் டிரா. ராஜா d4 போனால் கறுப்பு d6, f4 போனால் f6 என்று எதிரே வந்து நிற்கும். சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஸ்டேல்மேட்தான்.

இப்போது அதே நிலையில் சிப்பாயை மட்டும் e2-இல் வையுங்கள். வெள்ளை நகர்வு. சிப்பாயை e3-க்கு ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், முறை கறுப்பிடம் போய்விடும், வெற்றி! e2-இல் காத்திருந்த அந்த ஒரு நகர்வுதான் அரைப் புள்ளியின் விலை. அதனால் இப்போது ராஜாவை முன்னே அனுப்பிவிட்டு, சிப்பாயின் நகர்வைச் சேமித்து வைக்கிறேன்.

ஓரச் சிப்பாய்க்கு இது பொருந்தாது. a சிப்பாய் என்றால் b7, b8 மட்டுமே முக்கியக் கட்டங்கள்; கறுப்பு ராஜா a8 மூலையை அடைந்துவிட்டால் ஆப்போசிஷன் இருந்தும் பயனில்லை.