நியமனக் கடிதத்தில் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை: நைட் ஷிஃப்ட், ஆன்-கால் அலவன்ஸ் நிலுவையைக் கேட்டு வாங்குவது எப்படி

சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தின் புரொடக்‌ஷன் சப்போர்ட் அணியில் வேலை பார்த்தேன். நியமனக் கடிதத்தில் இரவுக்கு இவ்வளவு, ஆன்-கால் வாரத்துக்கு இவ்வளவு என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். பே-ஸ்லிப்பில் அந்த இரண்டு வரிகளும் வரவே இல்லை. பிறகு கேட்டு வாங்கினோம், நானும் அணியில் இன்னும் சிலரும். தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் ஷிஃப்ட் பார்க்கும் யாருக்கும் இந்த வழி பொருந்தும் என்பதால் எழுதி வைக்கிறேன். அரசுப் பணிக்கு விதிகள் வேறு.

படி 1: கடிதத்தின் அந்த ஒரு வரியை மூன்று கேள்விகளோடு படியுங்கள்

முதல் கேள்வி, தொகை சம்பளத்துக்கு மேலாகவா, உள்ளாகவா? கடிதத்தின் பின்னிணைப்பில் சி.டி.சி. பட்டியல் இருக்கும். அதில் ஷிஃப்ட் அலவன்ஸ் என்று மாதத் தொகை ஏற்கெனவே போடப்பட்டிருந்தால், அது உங்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பட்டியலில் இல்லாமல், கடிதத்தின் உடற்பகுதியில் "இதற்கு மேலாக" என்ற பொருளில் இருந்தால் அது தனித்தொகை. "எல்லாம் ஸ்பெஷல் அலவன்ஸில் அடக்கம்" என்று எச்.ஆர். சொன்னால், அடக்கம் என்று எந்த ஆவணத்தில் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, எது ஓர் இரவு? பெரும்பாலும் இரவு பத்து முதல் காலை ஆறுக்குள் குறைந்தது இத்தனை மணி நேரம் வேலை இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும் ஷிஃப்ட் அதில் வராமல் போகலாம். வராததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு வரி தவறென்று காட்டிவிட்டால் மொத்தப் பட்டியலையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, "நிறுவனக் கொள்கைப்படி" என்ற சொல் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் வேலை பார்த்த காலத்தில் அமலில் இருந்த கொள்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இன்று இன்ட்ராநெட்டில் இருப்பது புதிய பதிப்பாக இருக்கலாம். கொள்கை மாறியிருந்தாலும், மாறிய தேதிக்கு முன் பார்த்த இரவுகளின் தொகை அழியாது. சுற்றறிக்கையையும் அதன் தேதியையும் கேளுங்கள்.

படி 2: ஆதாரம் சேர்ப்பது

வேண்டியவை: நியமனக் கடிதம், எல்லா மாத பே-ஸ்லிப்புகள், ஷிஃப்ட் ரோஸ்டர், வருகைப் பதிவு, ஆன்-கால் அட்டவணை. வேலையை விட்டுப் போகும் எண்ணம் இருந்தால் லாக்-இன் இருக்கும்போதே இறக்கி வையுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளரின் டிக்கெட், சர்வர் பெயர், பிழைப்பதிவு எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். நியாயமான நிலுவையைக் கேட்கப் போய், தகவல் கசிவு என்று ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் தேதியும் நேரமும் போதும்.

படி 3: இரவுகளை எண்ணுவது. இங்கேதான் எல்லோரும் சிக்குகிறார்கள்

எங்கள் கோரிக்கை முதலில் திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான். எங்கள் எண்ணிக்கையும் பேரோலின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பதிவைத்தான் பார்த்தோம்.

இரவு ஷிஃப்ட் இரண்டு தேதிகளில் விழும். 14ஆம் தேதி இரவு 9.55-க்கு உள்ளே போய் 15ஆம் தேதி காலை 6.40-க்கு வெளியே வந்தால், சில வருகை மென்பொருள்கள் 14-ல் "வெளியேறவில்லை" என்றும் 15-ல் "நுழையவில்லை" என்றும் காட்டும். அப்போது அந்த இரவு ஒன்றுமில்லாமல் போகும், அல்லது இரண்டாக எண்ணப்படும். போதாததற்கு, ஆன்-கால் கருவிகள் பலவும் ஏற்றுமதி செய்யும் கோப்பில் நேரம் UTC-யில் இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் திங்கள் அதிகாலை ஒரு மணி அழைப்பு ஞாயிறு மாலை 7.30 என்று பதிவாகி, முந்தைய வாரத்து ஆளின் கணக்குக்குப் போய்விடும்.

தீர்வு இரண்டு சூத்திரங்கள். A2-வில் `2025-03-14T18:42:00Z` என்ற மாதிரி UTC நேரம் இருந்தால், B2-வில்:

```
=DATEVALUE(LEFT(A2,10))+TIMEVALUE(MID(A2,12,8))+TIME(5,30,0)
```

இது இந்திய நேரம். உங்கள் பதிவு ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருந்தால் அதை அப்படியே B நெடுவரிசையில் போடுங்கள். அப்புறம் C2-வில்:

```
=INT(B2-TIME(12,0,0))
```

நள்ளிரவுக்குப் பதில் நண்பகலில் நாளை முறிக்கிறது இந்தச் சூத்திரம். 14 இரவு 9.55-ம் சரி, 15 காலை 6.40-ம் சரி, இரண்டுமே "14" என்று வந்துவிடும். ஆகவே நுழைவும் வெளியேற்றமும் ஒரே இரவாகச் சேரும். C நெடுவரிசையைத் தேதி வடிவத்துக்கு மாற்றி, பகல் ஷிஃப்ட் வரிகளை நீக்கிவிட்டு, தனித்த தேதிகளை மட்டும் எண்ணுங்கள். கூகுள் ஷீட்ஸில் `=COUNTUNIQUE(C2:C500)` போதும். எனக்கு இதற்கு கூகுள் ஷீட்ஸ்தான் பிடிக்கும், இந்த ஒரு சூத்திரத்துக்காகவே. ஸ்கிரீன்ஷாட் அடுக்கி அனுப்புவது வீண். பேரோலில் இருப்பவர் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும், படத்தில் அது முடியாது.

மாதம் பிரிக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் வருகைச் சுழற்சி 21-லிருந்து 20 வரை. ஏப்ரல் 25 இரவின் தொகை மே மாத பே-ஸ்லிப்பில் வர வேண்டியது. இதைப் பார்க்காமல் ஒப்பிட்டால் வந்த தொகையும் வராதது போலத் தெரியும்.

படி 4: கணக்கு

அணியில் இருந்த தோழி ஒருவருடைய ஓராண்டுக் கணக்கை அவர் அனுமதியோடு தருகிறேன். கடிதப்படி இரவுக்கு ரூ. 350, ஆன்-கால் வாரத்துக்கு ரூ. 1,500. தகுதியுள்ள இரவுகள் 96, அதாவது ரூ. 33,600. ஆன்-கால் வாரங்கள் 13, அதாவது ரூ. 19,500. கூட்டினால் ரூ. 53,100. ஒரு மாதம் மட்டும் எட்டு இரவுக்கான ரூ. 2,800 "இதர வருமானம்" என்ற பெயரில் வந்திருந்தது. அதைக் கழித்தால் நிலுவை ரூ. 50,300. அந்த 2,800-ஐ மறைக்காமல் அவர் காட்டியதுதான் அவருக்குக் கைகொடுத்தது. ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், கொடுக்க வேண்டும் என்று அவர்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

படி 5: கடிதம் எழுதுவது

சாட்டில் கேட்காதீர்கள், மின்னஞ்சல் எழுதுங்கள். பேரோலுக்கு அனுப்பி எச்.ஆருக்கும் மேலாளருக்கும் நகல் போடுங்கள். கோபம் வேண்டாம், நீளமும் வேண்டாம். இந்த அளவு போதும்:

"எனது நியமனக் கடிதத்தின் இன்ன பத்தியின்படி நைட் ஷிஃப்ட், ஆன்-கால் அலவன்ஸ் எனக்கு உரியது. இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை நிலுவை ரூ. 50,300. தேதிவாரிப் பட்டியல் இணைத்துள்ளேன். எந்த வரியாவது ஏற்கத்தக்கதல்ல என்றால் அந்த வரியையும் காரணத்தையும் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியம் முக்கியம். "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலுக்கு அது இடம் கொடுப்பதில்லை. எங்களுக்கு ஐந்து வரிகளுக்கு மறுப்பு வந்தது, மற்றவை தானாக ஏற்கப்பட்டுவிட்டன.

படி 6: பதில் வராவிட்டால்

2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 45ஆம் பிரிவின் கீழ் ஊதிய நிலுவைக்கு மனு கொடுக்கலாம். பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாதம் ரூ. 24,000 என்ற சம்பள உச்சவரம்பும் 12 மாதக் கெடுவும் இருந்தன. அந்த வரம்பால் ஐ.டி. ஊழியர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். புதிய சட்டத்தில் உச்சவரம்பு இல்லை, மேற்பார்வையாளரும் மேலாளரும்கூட ஊழியர்தான், கெடு மூன்று ஆண்டு. நிலுவையோடு பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அது உச்ச அளவு, அவ்வளவும் கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள்.

59ஆம் பிரிவு இன்னும் பயனுள்ளது. தொகை கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஆனால் அந்த இரவுகளில் நீங்கள் வேலை பார்த்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். படி 3-ல் அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னது இதற்காகத்தான்.

உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், 45ஆம் பிரிவு மனுவை எந்த அதிகாரி வாங்குகிறார் என்று கேளுங்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த பலர் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம். தனியாகப் போகத் தயங்குபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். கெடு ஒவ்வொரு மாதத் தொகைக்கும் தனித்தனியாக ஓடும். எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பியதால் அது நிற்காது. ஆகவே மிகப் பழைய மாதத்தைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்தவை

ராஜினாமா கொடுத்துவிட்ட ஒருவர் கேட்டிருந்தார்: ஃபுல் அண்ட் ஃபைனல் படிவத்தில் "எனக்கு வேறு பாக்கி எதுவும் இல்லை" என்று கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா? அப்படியே போடாதீர்கள். கையெழுத்துக்கு மேலே "நைட் ஷிஃப்ட், ஆன்-கால் அலவன்ஸ் நிலுவை ரூ. இவ்வளவு நீங்கலாக" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். ஆன்லைன் படிவத்தில் எழுத இடமில்லையென்றால், சமர்ப்பிக்கும் முன்பே அதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது.

ஆன்-கால் வாரத்தில் அழைப்பே வரவில்லை, தொகை உண்டா என்று இன்னொருவர் கேட்டார். கடிதத்தைப் பாருங்கள். வாரத்துக்கு இவ்வளவு என்றிருந்தால் தயாராக இருந்ததற்கே அந்தத் தொகை, அழைப்பு வந்ததா என்பது கேள்வியே இல்லை. அப்போது அழைப்புப் பதிவு தேவையில்லை, அட்டவணை போதும். ஒவ்வோர் அழைப்புக்கும் இவ்வளவு என்றிருந்தால் மட்டும் அழைப்புப் பதிவு வேண்டும்.

நிலுவை மொத்தமாக வந்த மாதத்தில் வரி அதிகம் பிடித்துவிட்டார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தொகை கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகத்தான் அது கணக்கிடப்படும். முந்தைய ஆண்டுகளுக்கு உரிய பகுதிக்கு 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. 2025-26 நிதியாண்டு வரை கைக்கு வந்த தொகைக்கு, ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன் வரித்துறைத் தளத்தில் படிவம் 10E நிரப்ப வேண்டும். அதை நிரப்பாமல் ரிட்டர்னில் மட்டும் நிவாரணம் கேட்டால் மறுத்துவிடுவார்கள். எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று அந்தப் படிவம் கேட்கும். படி 3-ல் செய்த ஷீட்டில் நிதியாண்டு என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொண்டால் அந்த எண்களை அங்கிருந்தே எடுத்துப் போடலாம்.