தீபாவளிக் கணக்கைப் படிக்கும்போது ஜவுளிக்கடைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி முடிந்து கூட்டம் ஓய்ந்ததும் ஜவுளிக்கடைகளில் ஒரு வேலை தொடங்கும். எந்த வாசகம் எடுபட்டது, எந்த ஆஃபரை அடுத்த வருஷமும் போடலாம் என்று முடிவு செய்ய, விளம்பரத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு எக்செல் தாளோடு முதலாளி முன்னால் உட்காருவார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்தத் தாளை ஒரே மாதிரி தப்பாகத்தான் படிக்கிறார்கள். கூப்பன் வேலை செய்யவில்லை, மெசேஜில் தேதி தப்பு என்பதெல்லாம் உடனே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுகிறேன். கணக்கு சரியாக இருந்தும் முடிவு தப்பாகப் போகிற இடங்களைப் பற்றியே இங்கே சொல்லப்போகிறேன்.

## அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிடுவது

தீபாவளி 2023-ல் நவம்பர் 12, ஞாயிறு. 2024-ல் அக்டோபர் 31, வியாழன். 2025-ல் அக்டோபர் 20, திங்கள். ஆக, 2023 அக்டோபரில் பெரும்பகுதி சீசன் சூடு பிடிக்காத நாட்கள். 2024 அக்டோபரில் கடைசி நாள் வரை சீசன். இந்த இரண்டு மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "புது வாசகத்தால் விற்பனை கூடிவிட்டது" என்று எழுதினால் அதில் வாசகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

தேதியை மறந்துவிட்டு தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 21 நாள் முன்பு, 14 நாள் முன்பு, கடைசி வாரம் என்று பிரித்தால்தான் இரண்டு வருஷங்களை ஒப்பிட முடியும். அப்புறம் சம்பள தேதி எங்கே விழுகிறது என்று பாருங்கள். 2025-ல் அக்டோபர் மாதச் சம்பளம் கைக்கு வரும் முன்பே பண்டிகை முடிந்துவிட்டது. போனஸ் வந்தவர்கள் தாராளமாக வாங்கினார்கள், மற்றவர்கள் கையை இறுக்கிப் பிடித்தார்கள். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. சம்பளம் வந்து ஒரு வாரத்தில் பண்டிகை. அதனால் 2026-க்குத் திட்டம் போடும்போது 2025 தாளைவிட 2023 தாள்தான் பொருத்தமாக இருக்கும். போன வருஷத் தாளை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை.

## வரியோடு சேர்த்த தொகையைப் பார்ப்பது

2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேடில் ஆயிரத்துக்கு மேல் 2,500 ரூபாய் வரையிலான உருப்படிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, 2,500-க்கு மேல் 18 ஆனது. விற்பனை அதேயாக இருந்தாலும் வரியோடு சேர்த்த தொகை மாறிவிடும், அதனால் வரி நீக்கிய தொகையையும் உருப்படி எண்ணிக்கையையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

## கூப்பன் கோடு எத்தனை பில்லில் விழுந்தது என்று பார்த்து ஆஃபரை ஜெயிக்க வைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். நிறையப் பணம் போவதும் இதில்தான்.

ஒரு நடுத்தர ஊர் ஜவுளிக்கடை. வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் தலைதீபாவளி சீர்வரிசை பற்றி ஒரு அழகான வாசகம், கூடவே DIWALI15 என்ற கோடு, 15 சதவீதம் கழிவு. சீசன் முடிந்ததும் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட பில்களில் அந்தக் கோடு. விளம்பரம் பார்த்த தம்பிக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வருஷம் அதே வாசகம், அதே 15 சதவீதம் என்று முடிவே எடுத்துவிட்டார்கள்.

அந்தச் சீசனின் கடைசி வாரத்தில் ஒரு மாலை நான் அங்கே பில் கவுன்ட்டர் அருகில் நின்றிருந்தேன். வரிசை வாசல் வரை. பில் போடும் பெண் ஒவ்வொருவரிடமும், "அக்கா, கடையிலேர்ந்து மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லையேம்மா" என்றார் ஒரு அம்மா. "பரவால்லக்கா, நானே போட்டுடறேன்" என்று கோடைத் தட்டினாள். அந்தப் பெண் செய்ததில் குற்றமில்லை. பக்கத்துக் கவுன்ட்டரில் கழிவு கிடைத்து இங்கே கிடைக்காவிட்டால் சண்டை அவளோடுதான் நடக்கும். ஆனால் அந்த அம்மா மெசேஜைப் பார்க்கவே இல்லை. புடவையைத் தேர்ந்தெடுத்து முடித்து, பணம் கட்ட நின்றவர். தாளில் மட்டும் அவர் வாசகத்தைப் பார்த்து வந்தவராகப் பதிவானார்.

இதற்கான முதல் சோதனையைப் பத்து நிமிஷத்தில் செய்யலாம். பில்லில் உள்ள மொபைல் எண், மெசேஜ் அனுப்பிய பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் Sent என்ற தாளின் A பத்தியிலும், பில்லில் உள்ள மொபைல் எண்கள் C பத்தியிலும் இருந்தால் இது போதும்:

```
=COUNTIF(Sent!A:A, RIGHT(C2,10))
```

விடை 0 என்றால் அந்த எண்ணுக்கு மெசேஜே போகவில்லை. ஒரு பக்கம் 91 சேர்ந்தும் இன்னொரு பக்கம் சேராமலும் இருக்கும் என்பதால்தான் RIGHT. Sent தாளிலும் பத்து இலக்கமே இருக்கும்படி முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆனால் பட்டியலில் இருப்பவர் வாங்கினார் என்பதாலேயே மெசேஜால் வாங்கினார் என்று ஆகாது. அவர் பழைய வாடிக்கையாளர், தீபாவளிக்கு எப்படியும் வருவார். இதைப் பிரிக்க ஒரே நேர்மையான வழி, பட்டியலில் ஒரு பகுதிக்கு மெசேஜும் கழிவும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பது. யாரை நிறுத்துவது என்பதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். "ரொம்ப நாளாக வராதவர்களை நிறுத்திவிடுவோம்" என்கிறார்கள். அவர்கள் எப்படியும் குறைவாகத்தான் வாங்குவார்கள், ஆஃபர் பிரமாதமாகத் தெரியும். மொபைல் எண்ணின் கடைசி இலக்கம் 7 என்றால் நிறுத்து என்று வையுங்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, நல்ல வாடிக்கையாளர், சுமாரான வாடிக்கையாளர் எல்லாம் கலந்து வரும். கோடும் அனுப்பிய எண்களுக்கு மட்டுமே வேலை செய்யும்படி பில் மென்பொருளில் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கவுன்ட்டரில் எல்லாம் கலந்துவிடும். நிறுத்தப்பட்டவர்களுக்குப் பொங்கலுக்கு ஒரு கழிவு கொடுத்துச் சரிக்கட்டலாம்.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு கற்பனை உதாரணம் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் 10,000 எண்கள், 1,000 பேரை நிறுத்தி 9,000 பேருக்கு அனுப்புகிறோம். அனுப்பியவர்களில் 540 பேர் வாங்கினார்கள், அதாவது 6 சதவீதம். நிறுத்தியவர்களில் 52 பேர், 5.2 சதவீதம். மெசேஜ் போகாமலே 5.2 சதவீதம் வருகிறார்கள் என்றால், அந்த 9,000 பேரில் 468 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். மெசேஜும் கழிவும் கூடுதலாகக் கொண்டுவந்தவர்கள் 540 அல்ல, 72 பேர்தான்.

இப்போது பணத்தைப் பாருங்கள். சராசரி பில் 3,000 ரூபாய், அதில் லாபம் 35 சதவீதம், அதாவது 1,050 என்று வைப்போம். 15 சதவீதக் கழிவு 450 ரூபாய். கூடுதலாக வந்த 72 பேர் ஒவ்வொருவரும் 600 ரூபாய் மிச்சம் தருகிறார்கள், மொத்தம் 43,200. எப்படியும் வந்திருக்கக்கூடிய 468 பேருக்குச் சும்மா கொடுத்த கழிவு 2,10,600. ஆஃபரால் கடைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் நஷ்டம். இந்த ஆஃபரைத்தான் தாளில் பச்சை நிறம் அடித்து வைத்திருப்பார்கள்.

"52 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை நம்பலாமா?" என்று கேட்டால் நியாயமான கேள்வி. தோராயமாக ஒரு வழி இருக்கிறது. அந்த எண்ணின் வர்க்கமூலம் எவ்வளவோ, அவ்வளவு கூடக்குறைய இருப்பது சகஜம். 52-க்கு அது சுமார் 7. ஆக உண்மை 45 ஆகவும் இருக்கலாம், 59 ஆகவும் இருக்கலாம். 59 என்றால் கூடுதலாக வந்தவர்கள் வெறும் 9 பேர். 45 என்றால் 135 பேர். சில சமயம் இதையும் தாண்டிப் போகும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆஃபருக்கு ரொம்பச் சாதகமாக 135 என்றே எடுத்தாலும் 81,000 ரூபாய் வரவு, 1,82,250 ரூபாய் கழிவு. அப்போதும் நஷ்டம்தான். எத்தனை பேர் கூடுதலாக வந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், எல்லோருக்கும் 15 சதவீதம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒன்று மட்டும் கூடவே பாருங்கள். இரண்டு பக்கத்திலும் சராசரி பில் ஒன்றா? மெசேஜ் வாங்கியவர்கள் கூடுதலாக வாங்கியிருந்தால் கணக்கு மாறும்.

மெசேஜ் கணவர் எண்ணுக்குப் போகும், பில் மனைவி எண்ணில் விழும் என்பதும் உண்டு. அந்த விடுபடல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் நடந்தால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. ஒரே வீட்டில் ஒருவருக்கு மெசேஜ் போய் மற்றவர் நிறுத்தப்பட்டிருந்தால் வித்தியாசம் உண்மையிலிருந்து கொஞ்சம் விலகித் தெரியும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் யாரையும் நிறுத்தி வைக்கவில்லையா? அப்படியானால் மெசேஜ் போன நாளையும் அடுத்த இரண்டு நாளையும் எடுங்கள். பட்டியலில் உள்ளவர்களின் பில்கள் ஒரு வரியில், பட்டியலில் இல்லாதவர்களின் பில்கள் இன்னொரு வரியில். இரண்டும் ஒன்றாகவே ஏறியிருந்தால் ஏற்றியது தீபாவளி. முதல் வரி மட்டும் துள்ளியிருந்தால் மெசேஜுக்கு ஏதோ வேலை இருக்கிறது. இதற்கு மேல் அந்தத் தாளிலிருந்து எதுவும் பிழிய முடியாது. "தெரியவில்லை" என்று எழுதி வையுங்கள்.

## வாசகத்தையும் ஆஃபரையும் சேர்த்தே மாற்றுவது

"தலைதீபாவளி சீர்" என்ற வாசகம் 15 சதவீதத்தோடும், "குடும்பத்துக்கே புதுத்துணி" என்ற வாசகம் 10 சதவீதத்தோடும் போனால், ஜெயித்தது சீரா 15-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. வாசகத்தைச் சோதிக்க வேண்டுமானால் ஆஃபர், அனுப்பும் நேரம், படம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் ஒரு வாசகம், ஒற்றைப்படை என்றால் இன்னொன்று (7-ஐ விட்டுவிட்டு).

சில ஆயிரம் எண்கள் மட்டும் உள்ள கடைக்கு ஒரு வார்த்தையை மாற்றிச் சோதிப்பது வீண். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கே அதைக் காட்டிவிடும். யாரைக் கூப்பிடுகிறோம் என்பதே மாறுகிற வாசகங்களை எதிரெதிரே நிறுத்துங்கள். புது மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம், குழந்தைகளுக்குத் துணி எடுப்பவர்கள் ஒரு பக்கம் என்று. அப்போது மொத்த பில்களோடு, எந்தப் பிரிவில் உருப்படி போனது என்றும் பாருங்கள். சீர் வாசகம் அனுப்பியவர்கள் வேட்டியும் பட்டும் வாங்காமல் நைட்டி வாங்கிப் போயிருந்தால், அந்த வாசகம் வேலை செய்ததாக எழுதக்கூடாது.

## மறுநாளே முடிவு எழுதுவது

அளவு மாற்றித் தருவதும் துணி திரும்ப வருவதும் முடியட்டும், அப்புறம் முடிவை எழுதுங்கள்.

## அனுப்பியதை அப்படியே எடுத்து வைக்காதது

அடுத்த ஆகஸ்டில் "போன தடவை என்ன எழுதினோம்?" என்று கேட்கிற கடைகள் நிறைய. எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி தளத்தில் பதிவு செய்த டெம்ப்ளேட் இருக்கும், வாட்ஸ்அப்பிலும் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் இருக்கும். ஃபிளெக்ஸில் போட்டதும் வாசல் தட்டியில் எழுதியதும் எங்கேயும் இருக்காது, அவற்றைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு விஷயம் போதும்: தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு போனது, யாருக்குப் போகவில்லை, கூடுதலாக எத்தனை பேர், அன்று மழையா. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இந்தச் சீசனில்தான் கொட்டும். மழையில் படுத்த வாசகத்தை மோசம் என்று தூக்கி எறிந்துவிட்டு, வெயில் அடித்த ஞாயிறன்று போன சுமாரான வாசகத்தை வருஷா வருஷம் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். மழை நாளில் போனதை "மறுபடி சோதிக்க" என்ற பட்டியலில் சேருங்கள்.