கேரம் போர்டு பார்சலில் போகுமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சுற்றளவுக் கணக்கு

விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு ஒரு அளவு மனப்பாடமாக இருக்கும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 62 அங்குலம், அதாவது 158 செ.மீ., தாண்டக்கூடாது. அதே கூட்டலை இங்கே தபாலிலும் போட்டுப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். தபாலுக்கும் கூரியருக்கும் கணக்கு வேறு. விலை கேட்கும் பக்கத்தில் Length + Girth என்று இருக்கும். நீளமும் இடுப்புச் சுற்றளவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் மூன்று பக்கங்களில் எது மிக நீளமோ அதுதான் நீளம். மேலே எழுத்து எந்தப் பக்கமாக அச்சாகியிருக்கிறது, மூடி எங்கே திறக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. அந்த நீளத்துக்குக் குறுக்காக, பெட்டியின் பருத்த இடத்தில் ஒரு சுற்று சுற்றினால் வருவது சுற்றளவு. மீதி இரண்டு பக்கங்களையும் கூட்டி இரண்டால் பெருக்கினாலும் அதுதான் வரும்:

```
நீளம் + 2 × (அகலம் + உயரம்)
```

யுஎஸ்பிஎஸ், அதாவது இங்குள்ள அரசுத் தபாலில், பிரையாரிட்டி மெயிலுக்கு இந்த மொத்தம் 108 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கிரவுண்ட் அட்வான்டேஜ் என்ற சேவையில் 130 வரை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 108-ஐத் தாண்டிவிட்டால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பெரிய பார்சலுக்கான தனி விலைதான், அது கையைக் கடிக்கும். இரண்டிலும் எடை 70 பவுண்டுக்குள். யுபிஎஸ், ஃபெடெக்ஸ் கிரவுண்ட் இரண்டிலும் வரம்பு பெரிது: மொத்தம் 165 அங்குலம், நீளம் மட்டும் 108, எடை 150 பவுண்டு. அதற்காக அங்கே எல்லாமே சல்லிசாகப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

வீடு மாற்றும்போது எல்லோரும் வாங்கும் 18 × 18 × 24 அட்டைப்பெட்டியை முதலில் போட்டுப் பாருங்கள். 24 + 2 × 36 = 96. தாராளமாக உள்ளே வருகிறது. துணி, பாத்திரம் எல்லாம் இப்படித்தான், பெரும்பாலும் தொல்லை தராது. மாட்டிக்கொள்வது தட்டையான பெரிய பொருள்கள். எங்கள் வீட்டில் அது கேரம் போர்டு.

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு வேலை மாறிப் போன நண்பர் ஒருவர், காரில் இடமில்லை என்று போர்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். "பார்சல்ல அனுப்பிடுங்கண்ணே, ஒல்லியாத்தானே இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆடும் பரப்பு 29 அங்குலம், சட்டத்தோடு சேர்த்து இந்தப் போர்டு 33-க்கு 33. கனம் இரண்டரை அங்குலம்கூட இல்லை. குமிழ் பிளாஸ்டிக் சுற்றி, மேலே அட்டை வைத்து ஆசையாகக் கட்டியதில் 36 × 36 × 4 ஆனது. கணக்கு: 36 + 2 × (36 + 4) = 116. எட்டு அங்குலம் அதிகம்.

ஒல்லியான பொருளுக்கு ஏன் இவ்வளவு வருகிறது? சதுரப் பலகையில் ஒரு பக்கம் நீளமாகிவிடுகிறது. அதே அளவுள்ள இன்னொரு பக்கம் அகலமாகி, சுற்றளவில் இரண்டு முறை விழுகிறது. ஆக, சதுரத்தின் பக்கம் ஒரு அங்குலம் கூடினால் மொத்தத்தில் மூன்று அங்குலம் கூடும். கனம் ஒரு அங்குலம் கூடினால் இரண்டுதான். சாதாரண நீளப் பெட்டியிலும் இதே மாதிரி ஒரு சூட்சுமம் உண்டு. நீளத்தைக் குறைத்தால் ஒன்றுக்கு ஒன்றுதான் லாபம், அகலத்தையோ உயரத்தையோ குறைத்தால் ஒன்றுக்கு இரண்டு. 30 × 20 × 20 பெட்டி 110 வரும். நான்கு மூலையிலும் மேலிருந்து ஒரு அங்குலம் கீறி, விளிம்பை மடித்து உயரத்தை 19 ஆக்கினால் 108-ல் நின்றுவிடும்.

போர்டைப் பிரித்தேன். நான்கு ஓரத்திலும் அரை அரை அங்குலம் மட்டும் விட்டு, கனத்தை 3-ல் நிறுத்தினால் 34 + 2 × (34 + 3) = 108, மிகச் சரியாக. காகிதத்தில் சரி. கட்டிய பிறகு நடுவில் லேசாகப் புடைத்துக்கொண்டது. அளப்பவர்கள் புடைப்பையும் சேர்த்துத்தான் அளப்பார்கள், பருத்த இடம் என்பதற்கு அதுதான் அர்த்தம். என் தையல் டேப் 60 அங்குலத்தோடு முடிந்துவிட்டதால், சணல் கயிற்றை ஒரு சுற்று சுற்றி, முடிகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கயிற்றைத் தரையில் நீட்டி அளந்தேன். 74 இருக்க வேண்டிய இடத்தில் 75. அட்டையின் இரண்டாவது அடுக்கை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, மூலைகளில் மட்டும் அதை மடித்துச் செருகி, இறுக்கி டேப் ஒட்டினேன். கனம் இரண்டே முக்கால். மொத்தம் 107.5. அடி படுவது மூலையில்தான், நடுப்பலகையில் அட்டை குறைந்தால் பரவாயில்லை என்பது என் கணிப்பு.

108-க்குள் வந்துவிட்டால் எல்லாச் செலவும் தீர்ந்தது என்றில்லை. நீளம் 30 அங்குலம் தாண்டினால் தபாலில் அதற்கென்று கூடுதல் கட்டணம் உண்டு. யுபிஎஸ், ஃபெடெக்ஸில் இரண்டாவது பெரிய பக்கம் 30 அங்குலத்தைத் தாண்டினாலே கூடுதல் கையாளும் கட்டணம் விழும். மொத்தம் 130-ஐத் தாண்டினால் அதற்கும் மேல் ஒன்று. கேரம் போர்டுக்கு இரண்டு பெரிய பக்கமும் 34 என்பதால் அங்கேயும் தப்ப முடியாது. லேபிள் வாங்குவதற்கு முன் மூன்று அளவையும் போட்டு இரண்டு மூன்று இடத்தில் விலை பாருங்கள். எடையை மட்டும் போட்டு வரும் விலையை நம்பவே நம்பாதீர்கள். அளவைக் குறைத்துப் போட்டு லேபிள் வாங்கினாலும், போகிற வழியில் மெஷின் அளந்து, வித்தியாசத்தை உங்கள் கணக்கில் போடும். அரை, கால் அங்குலம் வந்தால் அடுத்த முழு எண்ணாகப் போட்டுக் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. அப்படிக் கூட்டினால் என் போர்டு மறுபடி 108-ல் வந்து நிற்கும். தாண்டவில்லை, அதுதான் வேண்டும்.

ஊருக்கு அனுப்புவதென்றால் 108-ஐ மறந்துவிடுங்கள். வெளிநாட்டுத் தபாலில் வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். யுஎஸ்பிஎஸ் தளத்தில் Individual Country Listings என்ற பகுதியில் இந்தியாவையோ இலங்கையையோ திறந்து, எந்தச் சேவைக்கு எந்த வரம்பு என்று பாருங்கள். நாலு பவுண்டு வரை போகும் ஃபர்ஸ்ட் கிளாஸ் பேக்கேஜ் இன்டர்நேஷனல் சேவையில் மட்டும் பழைய விமானக் கூட்டல் திரும்பி வருகிறது: நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 36 அங்குலம், நீளம் மட்டும் 24. அங்கே சுற்றளவு போடக்கூடாது. கனடாவில் இருக்கும் உறவினர்களுக்கு மீட்டர் கணக்கு. உள்நாட்டுப் பார்சலில் எந்தப் பக்கமும் 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, நீளமும் சுற்றளவும் சேர்ந்து 3 மீட்டர்.

காய்களையும் ஸ்ட்ரைக்கரையும் போர்டோடு வைக்கவில்லை. அதற்குள் வைத்தால் மறுபடி புடைக்கும். சின்ன டப்பாவில் போட்டுத் தனியாக அனுப்பிவிட்டேன்.