சீனி பாக்கிற மெஷின் வீடியோ எடுப்பம், கை கழுவுறதுல இருந்து தொடங்கி

போன வைகாசி பெரியம்மாட வீட்ட நிண்ட நேரம், விடிய ஆறரை மணி இருக்கும், அவ குசினிக்குள்ள இருந்து மெஷினையும் தூக்கிட்டு ஓடி வாறா, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு. "நான் இன்னும் தேத்தண்ணி கூடக் குடிக்கல்ல புள்ள, இதென்னகா 247 காட்டுது?" குளிசைய இன்னொண்டு கூடப் போடவா எண்டுதான் அடுத்த கேள்வி. நான் அவட விரலப் பிடிச்சு மணந்து பாத்தன், மாம்பழ வாசம். பேரனுக்கு ஸ்கூலுக்குக் கட்டிக் குடுக்கப் பழம் வெட்டிட்டு, கைய சீலைத் துண்டில துடைச்சிட்டு வந்து குத்தியிருக்கா. சவர்க்காரம் போட்டு வடிவாக் கழுவி, நல்லாக் காய விட்டு, மற்றக் கை விரல்ல குத்தினம், 126. இடையில பத்து நிமிஷம் கூட இல்ல.

நான் தாதியா வேல செய்யிற ஆள், வார்ட்டுல எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கன், ஆனா வாயால சொல்லுறது வீட்டுக்குப் போற வழியிலயே மறந்து போகுது. அதால அண்டைக்கே போன எடுத்து பெரியம்மாட கையையே வெச்சு ஒரு சின்ன வீடியோ செஞ்சு சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினன். பிறகு கல்லடியில, களுவாஞ்சிக்குடியில இருந்தெல்லாம் "எங்கட அம்மாவுக்கும் இப்பிடி ஒண்டு எடுக்கணும், எப்பிடி எடுக்கிற" எண்டு கேட்டாங்க. அதுக்குத்தான் இது. உங்கட வீட்டுல சீனி வருத்தம் உள்ள ஆள், அவங்கட கை, அவங்கட மெஷின், இத வெச்சு எடுங்க. தெரிஞ்ச கை எண்டா பயம் பாதி குறையும்.

முதல்ல ஒரு கணக்கு, இது விளங்கினா கை கழுவுற ஷொட்ட யாரும் வெட்ட மாட்டாங்க. மெஷின் உறிஞ்சுற ரத்தம் 1 மைக்ரோலீட்டர் எண்டு வைப்பம், அதவிடக் குறைய எடுக்கிற மெஷினும் இருக்கு. 100 mg/dL எண்டா அந்தத் துளிக்குள்ள இருக்கிற குளுக்கோஸ் ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை பத்து லட்சமாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு. இன்னொரு மைக்ரோகிராம் விரல்ல இருந்து அந்தத் துளியோட சேர்ந்தா இலக்கம் 200 ஆகிடும். ஒரு சீனிக் குறுணியே இதவிட எத்தனையோ மடங்கு பெரிசு. பழம் உரிச்ச விரல்ல கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருக்கிறது தாராளமாக் காணும்.

ஸ்பிரிட் பஞ்சால துடைச்சாக் காணும்தானே எண்டு கேப்பாங்க. காணாது. ஒருக்கா துடைக்க பழச்சாறு முழுசாப் போகாது, ஸ்பிரிட் காயாம குத்தினா அதுவும் துளியோட கலந்து இலக்கத்தக் கெடுக்கும். சவர்க்காரமும் ஓடுற தண்ணியும்தான்.

இப்ப கமராவ எங்க வைக்கிற. எதிர்ல இருந்து எடுத்தா பாக்கிற ஆளுக்கு இடம் வலம் மாறித் தெரியும், அவங்க குழம்புவாங்க. செய்யிற ஆள்ட தோளுக்குப் பின்னால, கொஞ்சம் மேல இருந்து கீழ பாக்கிற மாதிரி வையுங்க, அப்ப பாக்கிறவங்களுக்கு அது தங்கட கை மாதிரியே இருக்கும். நான் போன மேச நுனியில ரெண்டு புத்தக அடுக்குக்கு நடுவுல வெச்சு, கையில இருந்து ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய தூரத்துல நிப்பாட்டினன். ஜன்னல் வெளிச்சம் பக்கத்துல இருந்து வரட்டும். ஃபிளாஷ் போடாதீங்க, மெஷின்ட கண்ணாடியில பளிச்செண்டு அடிச்சு இலக்கம் தெரியாமப் போகும். ஸ்க்ரீனத் தொட்டு அமத்திப் பிடிச்சு ஃபோக்கஸ லொக் பண்ணுங்க, இல்லாட்டி விரல் அசையிற நேரமெல்லாம் மங்கிப் போகும். மேசையில வெள்ளையில்லாத ஒரு துணி விரிங்க, ரத்தம் எடுக்க மெஷின்ல சொருகுற ஸ்ட்ரிப் வெள்ளை, வெள்ளைத் துணியில காணாமப் போயிடும்.

ஒண்ட மறக்க வேணாம், ஒரு டேக் எண்டா ஒரு ஸ்ட்ரிப்பும் ஒரு குத்தும் போகும். ஸ்ட்ரிப் விலையும் அந்த விரலும் சும்மா வாறதில்ல. அதால ஊசி போடாத, விரல் குத்துற பேனையோட, ஸ்ட்ரிப் போடாத மெஷினோட மூணு நாலு தரம் ஒத்திகை பாருங்க, கை ஃபிரேமுக்கு வெளிய போகுதா எண்டு அப்பவே தெரியும். ஸ்ட்ரிப் போட்டா மெஷின் கொஞ்ச நேரத்துல தானா நிண்டுடும், அந்தப் பகுதிய நிப்பாட்டாம ஒரே டேக்கா எடுக்கணும்.

முதல் ஷொட் தண்ணி பைப்படியில. இத நான் நாப்பது செக்கன் விட்டன், குறைக்காதீங்க. க்ளோஸ் அப்புல விரல் நுனிகள் மட்டும் தெரியட்டும், நகத்துக்கு அடியில, விரல் இடுக்குல நுரை போறது தெரியணும். வெதுவெதுப்பான தண்ணி இருந்தா நல்லம், ரத்த ஓட்டம் கூடும். பிறகு துப்பரவான துவாய், விரல் நுனி உலர்ந்தத தொட்டுக் காட்டுங்க, ஈரம் மிச்சம் இருந்தா துளிய நீர்ப்பாக்கிடும். நான் சொன்ன வசனம் இது: "இப்ப நாம கழுவுறது அழுக்க மட்டுமில்ல, பொய் இலக்கத்தையும் சேர்த்துத்தான். ஆறுதலாக் கழுவுங்க, மெஷின் எங்கயும் ஓடாது."

ரெண்டாவது ஸ்ட்ரிப் போத்தல். லேபிள்ல இருக்கிற திகதிய கிட்டக் காட்டி, ஒண்ட எடுத்த கையோட மூடிய "டக்" எண்டு மூடுற சத்தம் கேக்கட்டும். எங்கட பக்கம் கச்சான் காத்து அடிக்கிற காலத்துல வீட்டுக்குள்ள இருக்கிற சூடு உங்களுக்குத் தெரியும், மாரியில ஈரம் வேற. ஸ்ட்ரிப்புல இருக்கிற மருந்து ரெண்டுக்கும் கெட்டுப்போகும், கனக்க ஸ்ட்ரிப் 30 பாகைக்குக் கீழ வைக்கச் சொல்லித்தான் வாறது. டிவிக்கு மேல, ஜன்னல் கட்டுல, வேனுக்குள்ள வைக்கிற பழக்கம் இருந்தா அத விடச் சொல்லுங்க, குசினியில அடுப்புக்குப் பக்கத்துல வேணவே வேணாம்.

மூணாவது குத்துற ஷொட், எல்லாரும் கண்ண மூடுற இடம். புது ஊசி, பேனைட ஆழ இலக்கம் நடுவுல. தோல் தடிப்பான கை, வயல்ல தோட்டத்துல வேல செஞ்ச கை எண்டா ஒரு இலக்கம் கூட்டுங்க. விரல் நுனியில நடுவுல குத்த வேணாம், பக்கவாட்டுல, அங்க நரம்பு குறைய. நடுவிரல், மோதிர விரல், சின்ன விரல் மாறி மாறி. குத்த முன்ன கையத் தொங்க விட்டு, உள்ளங்கையில இருந்து விரல் நுனிப் பக்கமா மெதுவா நீவுங்க. குத்தின பிறகு நுனியப் பிழிய வேணாம், பிழிஞ்சா ரத்தத்தோட தோலுக்குள்ள இருக்கிற நீரும் வந்து கலக்கும், இலக்கம் பிழைக்கும். பாக்கிறவங்க விளங்கட்டும் எண்டு பெரியம்மா நீவுற விதத்தையும் பிழியிற விதத்தையும் ரெண்டையும் வெறும் விரல்ல செஞ்சு காட்டினா.

வலிக்காது எண்டு மட்டும் சொல்லாதீங்க. வலிக்கும், பொய் சொன்னா அடுத்ததையும் நம்ப மாட்டாங்க. நான் சொன்னது: "எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சுருக், ஒண்டு ரெண்டு எண்ண முன்ன போயிடும். இப்ப மூச்ச விடுங்க." சொல்லிட்டு உண்மையாவே பேசாம இருங்க.

நாலாவது துளி. இதுதான் ஆகக் கிட்டத்து ஷொட், மல்லி விதையிலயும் சின்னத் துளி. ஸ்ட்ரிப்ட நுனிய துளியோட முட்ட விட்டா அதுவே உறிஞ்சும், மேல பூச வேணாம், பத்தல்லயே எண்டு பிறகு இன்னொரு துளி சேர்க்கவும் வேணாம். பத்தாட்டி அந்த ஸ்ட்ரிப்ப விட்டுட்டு புதுசு. எங்கட மெஷின் 5, 4, 3 எண்டு எண்ணிக் கொண்டு போச்சு, அந்த அஞ்சு செக்கனும் கதை வேணாம். இலக்கம் வந்ததும் கைய எடுத்துட்டு ஸ்க்ரீன மட்டும் நாலு செக்கன் பிடியுங்க, வாட்ஸ்அப்புல போகக்குள்ள வீடியோட தரம் குறையும், அதுக்குப் பிறகும் வாசிக்க ஏலணும்.

இலக்கத்துக்கு மேல பேசுற குரல் அவசரப்படாம இருக்கட்டும். சீனி வருத்தம் உள்ள கனக்கப் பேருக்கு வெறும் வயித்துல 80ல இருந்து 130 வரைக்கும்தான் இலக்கு, உங்களுக்கு டொக்டர் வேற சொல்லியிருந்தா அதுதான். இந்த மெஷின் எல்லாம் பதினஞ்சு வீதம் வரைக்கும் கூடக் குறையக் காட்டலாம், 126 உம் 135 உம் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதுக்காகக் கவலைப்பட வேணாம். திடீரெண்டு கூடக் காட்டினா திரும்பக் கைகழுவி, வேற விரல்ல ஒருக்கா பாருங்க, அந்த ஒரு இலக்கத்தப் பாத்துக் குளிசைய நீங்களாக் கூட்டக் குறைக்க வேணாம். திரும்பப் பாத்தும் 300க்கு மேல நிண்டு வாந்தி, மூச்சு வாங்குறது, அடங்காத தண்ணி விடாய் எண்டு இருந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

குறையக் காட்டினா மட்டும் இந்த ஒழுங்கு தலைகீழ். 70க்குக் கீழ, அதோட நடுக்கம், வேர்வை எண்டா கை கழுவப் போக வேணாம், மூணு தேக்கரண்டி சீனிய தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டு, பதினஞ்சு நிமிஷத்துல திரும்பப் பாக்கணும். ஆள் மயக்கமா, விழுங்க ஏலாம இருந்தா வாயில ஒண்டும் ஊத்தாம உடன ஆஸ்பத்திரி. இத வீடியோவுல தனியா, சிவப்பு எழுத்துல போட்டன்.

கடைசி ஷொட் ஊசிப் போத்தல். பஞ்சால விரல அமத்திப் பிடிச்ச பிறகு, ஊசியக் கழட்டி தடிச்ச பிளாஸ்டிக் போத்தல்ல போடுறது, மூடிய இறுக்கிறது, ரெண்டும் முழுசாத் தெரியட்டும். குப்பைக் கூடையில, கடற்கரையில போட்டா வெறுங்காலோட போற பிள்ளைக்குத்தான் ஏறும். போத்தல் நிரம்பினா எங்க குடுக்கிற எண்டு கிளினிக்குல கேட்டுக் கொண்டு போங்க. வீட்டுல ரெண்டு பேருக்கு சீனி இருந்தா ஆளுக்கொரு பேனை, ஊசி புதுசெண்டாலும் பேனைய மாத்திக் குடுக்க வேணாம், பேனைட முனையில ஒட்டுற ரத்தத்தால மஞ்சள் காமாலைக் கிருமி தொத்தலாம். பெரியம்மாவ வெச்சு எடுத்த வீடியோவுல இந்த இடத்துல பெரியப்பாட நீலப் பேனை ஃபிரேமுக்குள்ள கிடந்துது, நான் கவனிக்கல்ல, அவவே கைய நீட்டி அத அங்கால தள்ளி வெச்சா. அத நான் வெட்டல்ல, அப்பிடியே விட்டுட்டன்.