நஷ்டத்தில் ஓடும் விளம்பரத்தை எப்போது நிறுத்துவது? ஒரு புடவைக் கடைக் கணக்கு

என் சித்தி மகள் சின்னாளப்பட்டி காட்டன் புடவைகளை வாங்கித் தன் இணையதளத்தில் விற்கிறாள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம்தான் அவளுக்கு ஆர்டர் கொண்டுவரும் வழி. "அக்கா, ரெண்டு நாளா ஒரு ஆர்டரும் வரல, நிறுத்திடவா?" என்று வாரம் ஒருமுறையாவது போன் வரும். சில விளம்பரங்களை 200 ரூபாயிலேயே பயந்து நிறுத்திவிட்டாள். வேறு சிலவற்றை "நாளைக்கு வந்துடும்" என்று 5,000 ரூபாய் வரை ஓடவிட்டாள். இரண்டிலும் அவளுக்குப் பணம் போனது.

இருவரும் உட்கார்ந்து ஒரு விதி போட்டோம். விளம்பரத்தை ஆரம்பிக்கும் முன்பே நிறுத்த வேண்டிய இடத்தை எழுதி வைத்துவிடுவது என்று முடிவு. பங்குச் சந்தையில் ஸ்டாப்-லாஸ் என்பார்களே, அதேதான். அவளுடைய கணக்கை வைத்தே சொல்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு நீங்களும் செய்து பாருங்கள்.

படி 1: ஒரு ஆர்டருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

இந்த எண் தெரியாமல் போடும் எந்த விதியும் நிற்காது. புடவையின் விலை 945 ரூபாய். அதில் 45 ரூபாய் ஜிஎஸ்டி, மீதி 900. புடவையின் அடக்க விலை 440, பேக்கிங் 20, கூரியர் 80. இவை போக 360 ரூபாய் மிஞ்சும். ஒரு ஆர்டருக்கு 360 வரை விளம்பரத்துக்குக் கொடுக்கலாம் என்றுதான் அவள் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கேஷ் ஆன் டெலிவரியில் விற்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு தவறு. அவள் அனுப்பும் 100 பார்சலில் 20 திரும்பி வருகின்றன. திரும்பி வந்த பார்சலுக்குப் போக 80, வர 80, பேக்கிங் 20 என்று 180 ரூபாய் நஷ்டம். ஆக 100 ஆர்டரில் 80 பேர் வாங்கியதில் 28,800 வரவு. 20 ரிட்டர்னில் 3,600 போகிறது. மீதி 25,200, அதாவது ஒரு ஆர்டருக்கு 252 ரூபாய். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 250 என வைத்துக்கொண்டோம். இதுதான் அவளுடைய எல்லை விலை. ஒரு ஆர்டர் 250 ரூபாய்க்குக் கிடைத்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ளதால் அதை அவள் வரிக்கணக்கில் கழித்துக்கொள்கிறாள். அப்படிக் கழிக்க முடியாதவர்கள் 250ஐ 1.18ஆல் வகுத்து, 212 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: ஆர்டரே வராவிட்டால் எதுவரை பொறுப்பது?

ஆர்டர்கள் வரிசையாக, சம இடைவெளியில் வருவதில்லை. சராசரியாக 250 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் தரும் விளம்பரம்கூட முதல் 250 ரூபாயில் ஒன்றும் தராமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. 500 ரூபாய் வரை வெறுமையாகப் போக ஏறக்குறைய 13 சதவீதம். 750 வரை போக 5 சதவீதம்தான். ஆகவே 250 ரூபாயில் பயந்து நிறுத்தினால், மூன்றில் ஒரு முறைக்கு மேல் தேறக்கூடிய விளம்பரத்தையே நிறுத்துகிறோம்.

எல்லை விலையின் மூன்று மடங்கு செலவாகியும் ஒரு ஆர்டரும் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். இவளுக்கு அது 750 ரூபாய். அப்போதும் 5 சதவீதம் தவறு நேரலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தவறில் நாம் இழப்பது லாபமும் நஷ்டமும் இல்லாத ஒரு விளம்பரத்தை. நிஜமாகவே நல்ல விளம்பரம், 150 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் தரக்கூடியது, 750 ரூபாய் வரை ஒன்றுமே தராமல் போகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே.

படி 3: ஒன்றிரண்டு ஆர்டர் வந்தபின்?

பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒரு ஆர்டர் வந்ததும் நம்பிக்கை வந்து கணக்கை மறந்துவிடுகிறோம். அதே 5 சதவீதக் கணக்கை ஒவ்வொரு ஆர்டருக்கும் நீட்டினால் இப்படி ஓர் ஏணி கிடைக்கும்:

- 0 ஆர்டர்: 750 ரூபாயில் நிறுத்து
- 1 ஆர்டர்: 1,190
- 2 ஆர்டர்: 1,575
- 3 ஆர்டர்: 1,940
- 4 ஆர்டர்: 2,290

உங்கள் எல்லை விலை வேறாக இருந்தால் அதை 3, 4.75, 6.3, 7.75, 9.15 ஆகிய எண்களால் பெருக்குங்கள். எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ எந்த இடத்திலும் சரிபார்த்துக்கொள்ளலாம். 1,190 ரூபாய் செலவு, 1 ஆர்டர் என்றால்:

```
=POISSON.DIST(1, 1190/250, TRUE)
```

விடை 0.049 என்று வரும். விடை 0.05க்குக் கீழே இறங்கிவிட்டால் நிறுத்தலாம், அதற்கு மேலே இருந்தால் காத்திருக்கலாம். ஏணியில் பல இடங்களில் நின்று பார்ப்பதால் மொத்தத் தவறு 5 சதவீதத்தில் நிற்காது, ஏறக்குறைய 12 சதவீதம் வரை போகும். முன்னே சொன்ன அதே காரணத்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

ஏணிக்கு மேல் ஒரு கூரையும் வேண்டும். எல்லை விலையின் பத்து மடங்கு, அதாவது 2,500 ரூபாய் செலவானதும் சோதனை முடிந்தது. 10 ஆர்டரோ அதற்கு மேலோ இருந்தால் தொடரலாம். 5 முதல் 9 வரை இருந்தால் அந்த விளம்பரம் மோசம் என்று நிரூபணம் ஆகவில்லைதான். ஆனாலும் நான் நிறுத்தச் சொல்வேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இன்னும் 2,500 செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் மூன்று புது விளம்பரங்களைச் சோதிக்கலாம்.

படி 4: ஆர்டருக்கு முன்பே தெரிந்துவிடும் நஷ்டம்

சில விளம்பரங்களுக்கு 750 வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு க்ளிக்கின் விலையை எல்லை விலையால் வகுத்துப் பாருங்கள். க்ளிக் 5 ரூபாய் என்றால் 100 பேரில் 2 பேர் வாங்கினால் போதும். 18 ரூபாய் என்றால் 7 பேருக்கு மேல் வாங்க வேண்டும். இவளுடைய கடையில் வழக்கமாக 100க்கு 2 பேர்தான் வாங்குகிறார்கள். இருபத்தைந்து, முப்பது க்ளிக்குகள் வந்ததுமே க்ளிக் விலை ஓரளவு நிலைப்பட்டுவிடும். தேவைப்படும் விகிதம் உங்கள் வழக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் என்றால் அப்போதே நிறுத்துங்கள்.

படி 5: எந்த எண்களைப் பார்ப்பது?

இன்றைய எண்களை வைத்து இன்றே முடிவெடுக்காதீர்கள். திங்களன்று க்ளிக் செய்தவர் புதனன்று வாங்கினால் மெட்டா அந்த ஆர்டரைத் திங்கள் கணக்கில்தான் சேர்க்கும். வழக்கமான அமைப்பில் க்ளிக் செய்து 7 நாள் வரை வரும் ஆர்டர்கள் அந்த விளம்பரத்துக்கே சேரும். அதனால் கடைசி இரண்டு நாள் கணக்கு எப்போதும் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். 945 ரூபாய்ப் புடவையை யாரும் வாரக்கணக்கில் யோசிப்பதில்லை. எனவே வரம்பைத் தொட்டதும் விளம்பரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து எண்ணைப் பார்த்து இறுதி முடிவு எடுக்கிறோம். ஃபர்னிச்சர், வகுப்புக் கட்டணம் போன்ற பெரிய தொகைக்கு இந்த இடைவெளி நீளும்.

இன்னொன்று, லேர்னிங் கட்டம்: விளம்பரத்தை யாருக்குக் காட்டினால் ஆர்டர் வரும் என்று மெட்டா கற்றுக்கொள்ளும் காலம். ஒரு ஆட் செட் நிலைபெற ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 ஆர்டர் வேண்டும் என்று மெட்டா சொல்கிறது. இவளுடைய கணக்கில் அதற்கு 12,500 ரூபாய் ஆகும். அவ்வளவு பட்ஜெட் இல்லாதவர்கள் அது முடியட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. ஆனால் இடையில் பட்ஜெட்டையோ படத்தையோ ஆடியன்ஸையோ பெரிதாக மாற்றினால் அந்தக் கற்றல் முதலிலிருந்து தொடங்கும்; நம் ஏணியும் அப்படியே. சோதனை முடியும்வரை எதையும் தொடாதீர்கள்.

படி 6: மூன்று விளம்பரங்கள், மூன்று முடிவுகள்

ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 250 ரூபாய் என்று மூன்று ஆட் செட் போட்டாள்.

முதலாவதில் க்ளிக் 18 ரூபாய். இரண்டு நாளில் 500 ரூபாய்க்கு 28 க்ளிக். படி 4 விதிப்படி நிறுத்தினாள்.

இரண்டாவதில் க்ளிக் 5 ரூபாய்தான். மூன்று நாளில் 750 செலவு, 150 க்ளிக், ஆர்டர் பூஜ்ஜியம். விதி நிறுத்தச் சொன்னது, நிறுத்தினாள். ஆனால் 150 பேர் வந்தும் ஒருவர்கூடக் கார்ட்டில் சேர்க்கவில்லை என்பது எனக்கு உறுத்தியது. வாங்காமல் போவது வேறு, கார்ட்டில்கூடப் போடாமல் போவது வேறு. அவள் தன் போனில் விளம்பரத்தைத் தொட்டுப் பார்த்தாள். லிங்க், தீர்ந்துபோன ஒரு நிறத்தின் பக்கத்துக்குப் போயிருக்கிறது. லிங்க்கைத் திருத்தி ஏணியைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினோம், பழைய 750 ரூபாய் வேறொரு பக்கத்தின் கணக்கு என்பதால். இந்த முறை 1,190ஐத் தொட்டபோது ஒரே ஆர்டர். நிறுத்தினாள். இரண்டு நாள் கழித்தும் எண் மாறவில்லை.

அதனால்தான் மெட்டாவின் `Automated rules` பகுதியில் விதி போடும்போது, முதல் ஒரு மாதமாவது தானாக நிறுத்தும் வகையை விட்டுவிட்டு `Send notification only` வைக்கச் சொல்கிறேன். அறிவிப்பு வந்ததும் உங்கள் போனிலிருந்தே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். அந்த ஆர்டர் கடையில் பதிவாகி, மெட்டாவின் `Events Manager` பகுதியில் காட்டாவிட்டால் எண்ணிக்கையில்தான் கோளாறு. விளம்பரம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் அவளை மிகவும் சோதித்தது. 300 ரூபாயில் முதல் ஆர்டர். அதன்பின் 1,050 வரை ஒன்றும் இல்லை. அன்று இரவு போன் செய்து, "போதும் அக்கா, நிறுத்திடறேன்" என்றாள். "1,190னு நீதானே எழுதி வச்சே, இன்னும் 140 ரூபாய் இருக்கு" என்றேன். அதற்குள் இரண்டாவது ஆர்டர் வந்தது. வரம்பு 1,575க்கு உயர்ந்தது. 2,500ல் 11 ஆர்டர் சேர்ந்தது, ஒன்று 227 ரூபாய். கூரையைத் தாண்டிவிட்டது.

படி 7: பார்சல் போய்ச் சேரும்வரை

இங்கே பட்ஜெட்டை இரட்டிப்பாக்கத்தான் கை போகும். ஆனால் 227 என்பது ஆர்டர் விலை. எத்தனை பார்சல் வீட்டில் தங்கும் என்று இன்னும் தெரியாது. 11ல் 2 திரும்பினால் அவளுக்கு 380 ரூபாய் லாபம். 3 திரும்பினால் 160 ரூபாய் நஷ்டம். ஒரே ஒரு புடவையில் கணக்கு தலைகீழாகிறது. விளம்பரத்துக்கு விளம்பரம் ரிட்டர்ன் விகிதமும் மாறும். சலுகையைப் பெரிதாகக் காட்டும் விளம்பரத்தில் யோசிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டு வாங்க மறுப்பவர்கள் அதிகம் வருவதை இவள் பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு 3 திரும்பின. 11ல் 3 என்பது வழக்கமான 20 சதவீதத்திலிருந்து பெரிய விலகல் இல்லை, தற்செயலாகவும் வரலாம். எனவே நிறுத்தவில்லை, கூட்டவும் இல்லை. நாளுக்கு அதே 250ல் ஓடுகிறது. அனுப்பும் முன் ஒவ்வொருவருக்கும் போன் செய்து உறுதி செய்துகொள்கிறாள். 30 பார்சல்களின் முடிவு தெரிந்ததும் படி 1 கணக்கை மறுபடி போட்டு, புது எல்லை விலையோடு ஏணியைத் திருத்தப் போகிறோம்.