டிஸ்க் ஆபரேஷனுக்கு அப்புறம் படிப்பு: 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை

குரூப் 4 தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது எனக்கு இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் நடந்தது. எல்5-எஸ்1 இடத்தில் பிதுங்கி நரம்பை அழுத்திய துண்டை மட்டும் எடுத்தார்கள். ஸ்க்ரூ, பிளேட் எதுவும் இல்லை (உங்களுக்கு வைத்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு). டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டர் சொன்னார்: "நடங்க, படுங்க, உட்கார்றது மட்டும் ஒரு தடவைக்கு 15 நிமிஷம்." தேர்வோ 200 கேள்வி, 3 மணி நேரம். இந்த இடைவெளியை எப்படிக் கடந்தேன் என்பதுதான் பதிவு. படுக்கையிலிருந்து ஒருக்களித்து எழுவது, குனியாமல் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

1. உட்காரும் நேரத்தை முழுசாக எண்ணுங்கள்

ஒரு நாள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துப் பாருங்கள். நான் மேஜையில் உட்கார்ந்ததை மட்டும் எண்ணி, ஆறு தடவை 15 நிமிடம், மொத்தம் 90, சரியாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்தேன். சாப்பாடு, டாய்லெட்டில் போனோடு உட்கார்ந்தது, பார்க்க வந்த சித்தியோடு பேசியது எல்லாம் இன்னொரு 70 நிமிடம். இடுப்புக்கு எது படிப்பு, எது அரட்டை என்று தெரியாது. அன்றிலிருந்து டிபனை நின்றுகொண்டே சாப்பிட்டேன், அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

2. கட்டிலில் கால் நீட்டி உட்காராதீர்கள் (நான் வழுக்கிய இடம்)

நாற்காலி கூடாது என்றால் கட்டில்தானே என்று, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, காலை நீட்டி, மடியில் புத்தகத்தோடு ஒரு மணி நேரம் படித்தேன். உட்கார்ந்திருக்கும்போது ஒரு வலியும் இல்லை. இரவில்தான் பின்தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை பழைய இழுப்பு திரும்ப வந்தது, ஆபரேஷனே தோற்றுவிட்டதோ என்று அழுதுவிட்டேன்.

பிசியோதெரபி அக்கா கேட்டவுடன் கண்டுபிடித்துவிட்டார். காலை நீட்டி உட்கார்ந்தால் தொடையின் பின்தசை இடுப்பெலும்பைப் பின்னால் இழுக்கும், கீழ்முதுகு வில் மாதிரி வளைந்து டிஸ்க் மேல் அழுத்தம் ஏறும். அதோடு தொடைக்குப் பின்னால் ஓடும் அதே நரம்பும் இழுபடும். "நாற்காலியில 15 நிமிஷம் உட்கார்றதைவிட இது மோசம்மா" என்றார். தரையில் சம்மணம் போடுவதும் முதுகை வளைக்கும், போதாததற்கு எழும்போது வேறு சிரமம். கட்டிலில் இருந்தால் படுத்திருங்கள், பாதி படுத்து பாதி உட்காரும் நிலை மட்டும் வேண்டாம்.

நாற்காலி விஷயத்தில் என் கட்சி: சாதாரண மர டைனிங் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவில் குழி விழும், விலை உயர்ந்த சுழல் நாற்காலி தேவையே இல்லை. மேலே ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள், இடுப்பு முட்டியைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். பாதம் முழுசாகத் தரையில் படட்டும். துண்டை முன்கை தடிமனுக்குச் சுருட்டி, பெல்ட் போடும் உயரத்தில் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். புத்தகத்தை மேஜையில் கிடத்தினால் கழுத்து குனியும், கழுத்து குனிந்தால் முதுகும் பின்னாலேயே போகும். தாத்தா ராமாயணத்தைச் சாய்த்து வைத்துப் படித்த சிக்குப் பலகையைத் தூசு தட்டி எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டேன்.

3. எதை எந்த நிலையில் படிப்பது

உட்காரும் நிமிடங்கள் ரேஷன் அரிசி மாதிரி. கணக்கு போடுவதற்கு மட்டும் அதைச் செலவு செய்தேன், ஏனென்றால் 25 திறனறிவுக் கேள்விகளையும் கையால் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு வரும்.

பொது அறிவு வாசிப்பு முழுக்க நின்றுகொண்டு. சமையல் மேடை எனக்குத் தாழ்வு, அதில் குனிந்தே நின்றேன், பயனில்லை. உயரம் மாற்றக்கூடிய இஸ்திரி மேஜைதான் சரிப்பட்டது, முழங்கை உயரத்துக்கு வைத்து, ஒரு பாதத்தைக் குட்டி மணை மேல் மாற்றி மாற்றி வைத்து நிற்க வேண்டும். 20 நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் வராந்தாவில் நடை. நூல், ஆசிரியர் பட்டியல்களை என் குரலிலேயே போனில் பதிவு செய்து, முட்டிக்குக் கீழ் தலையணை வைத்துப் படுத்துக் கேட்டேன். படுத்தபடி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படிப்பது இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடாது, முயற்சிக்காதீர்கள்.

4. நேரத்தைக் கூட்டுவது

இங்கே இரண்டே சோதனைதான். ஒன்று, இடுப்பில் லேசான கடுப்பு பரவாயில்லை, வலி காலுக்கு இறங்கினால் உடனே எழுந்துவிட வேண்டும். இரண்டு, தீர்ப்பு அன்றைக்கு வராது, மறுநாள் காலையில்தான் வரும். காலை எழும்போது நேற்றைப் போலவே இருந்தால்தான் கூட்டலாம்.

முதல் இரண்டு வாரம் 15 நிமிடம், அப்புறம் டாக்டர் சம்மதத்தோடு வாரம் ஐந்து ஐந்தாகக் கூட்டி, நான்காவது வாரம் 25. அடுத்த ஞாயிறு உடம்பு நன்றாக இருந்த துணிச்சலில் 50 நிமிடம் உட்கார்ந்தேன், திங்கள் காலை கெண்டைக்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மூன்று நாள் 15-க்குத் திரும்பிப் போய், மறுபடி ஏறினேன். எட்டாவது வாரம் 45 வந்தது. அதற்குப் பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் மாதிரித் தேர்வு, 60, 75, 90 என்று, கடைசியாக 150 நிமிடம். மற்ற நாட்களில் 45-ஐத் தாண்டவில்லை.

சிறுநீர் போக முடியாமல் அடைப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாதது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, தையலில் கசிவோடு காய்ச்சல், இவை இந்தக் கணக்கில் வராது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

5. தேர்வு அறை

வீட்டு நாற்காலியும் துண்டும் அங்கே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, கடைசி மூன்று மாதிரித் தேர்வுகளை பெஞ்சிலேயே எழுதினேன். எழுந்து நிற்க முடியாதே, அதனால் 20 கேள்விக்கு ஒரு தடவை இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றி எடையைச் சில நொடி தூக்கிவிடுவது, நெஞ்சை நிமிர்த்துவது, பாதத்தை முன்னும் பின்னும் நகர்த்துவது. 9 மணிக்கு உள்ளே அழைக்கும்வரை வெளியே நடந்துகொண்டே இருந்தேன், உட்காரவில்லை. 160-ஆவது கேள்வியில் கடுக்கத் தொடங்கியது, காலுக்கு இறங்கவில்லை.

பின்சேர்க்கை: மூட்டு ஜவ்வு ஆபரேஷன் செய்த ஒரு தங்கை இதைப் பார்த்து நின்றே படித்து, முட்டி வீங்கிவிட்டதாக எழுதியிருந்தார். முட்டிக்குக் கதை நேர் எதிர்: காலை உயர்த்தி நீட்டி வைக்கச் சொல்வார்கள், தலையணை குதிகாலுக்குக் கீழே, முட்டிக்குக் கீழே அல்ல. வால் எலும்பில் அடிபட்டவர் சுருட்டிய துண்டு உதவவில்லை என்றார். அவர்களுக்குப் பின்பக்கம் வெட்டு விட்ட குஷன் வேண்டும், எடை தொடைப் பக்கம் விழும்படி சற்று முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும்.